பழனியில் முடி காணிக்கை: முதல் தடவை போறவங்களுக்கு



பழனிக்குப் பாதயாத்திரை போகவோ, காவடி எடுக்கவோ தயங்காத பிள்ளைங்ககூட ஒரு விஷயத்துல கொஞ்சம் நின்னு யோசிப்பாங்க. அது மொட்டை. "வலிக்குமா அண்ணா?", "பொண்ணுங்க கண்டிப்பா முழுசா எடுக்கணுமா?", "ஆபீஸ்ல என்ன சொல்வாங்க?", "முடியைக் கொடுத்தா முருகனுக்கு என்ன கிடைக்குது?" இந்த நாலு கேள்வியும் என்கிட்ட நிறைய வரும். நான் பதினைந்து வருஷமா பழனிக்குப் போயிட்டு வரேன். நான் மொட்டை போட்டிருக்கேன், மத்தவங்களுக்குத் துணையாகவும் போயிருக்கேன். அதுல தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முடி மலை ஏறுவதில்லை

முதல்ல ஒரு சின்ன விஷயத்தைக் கவனிங்க. பால்குடம் எடுத்தா பால் சன்னதி வரைக்கும் போகும். காவடியை மலை மேல கொண்டு போய்த்தான் இறக்குவோம். உண்டியல் காணிக்கையும் சாமி சன்னதிக்குப் பக்கத்துல போய் விழும். ஆனா முடியை மட்டும் அடிவாரத்துலயே கொடுத்துடறோம். சரவணப்பொய்கை பக்கத்திலோ, சண்முகநதிக் கரையிலோ முடி எடுத்து, குளிச்சிட்டு, அதுக்கப்புறம்தான் படி ஏறுறோம். எடுத்த முடியை ஒரு இழைகூட மேல கொண்டு போறதில்லை.

அப்போ சாமிகிட்ட கொண்டு போறது என்ன? நம்ம தலையைத்தான். இந்தக் காணிக்கையோட அர்த்தமே இதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

மாம்பழக் கதை உங்களுக்குத் தெரியும். கோபிச்சுக்கிட்டு வந்த பிள்ளை நகையைக் கழற்றினார், பட்டைக் கழற்றினார், கோவணமும் கையில ஒரு தண்டமுமா மலை மேல ஆண்டியா நின்னார். அதனாலதான் அவருக்குத் தண்டாயுதபாணின்னு பேரு. நம்ம ஊர்ல "மொட்டையாண்டி"ன்னு செல்லமா கூப்பிடுறதும் இந்தக் கோலத்தை வச்சுத்தான். நம்மகிட்ட நகை, பட்டு எல்லாம் இருக்கோ இல்லையோ, தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு ஒழுங்கு பண்ணுற ஒரு அலங்காரம் எல்லார்கிட்டயும் இருக்கு. அதுதான் முடி. அதைக் கீழே வச்சிட்டு, அவர் நிக்கிற கோலத்துலயே அவர் முன்னாடி போய் நிக்கிறோம்.

இதோட இன்னொரு பாதியும் பழனியிலயே இருக்கு. காலையில விளாபூஜைக்குச் சாது கோலத்துல இருக்கிற அதே மூர்த்தி, சாயரட்சைக்கு ராஜ அலங்காரத்துல கிரீடத்தோட நிக்கிறார். கோலம்தான் மாறுது, சாமி ஒண்ணுதான். காலையில ஆண்டியைப் பார்த்தவங்க, முடிஞ்சா அன்னைக்குச் சாயங்காலமே ராஜாவையும் பார்த்துட்டு வாங்க. மொட்டைத் தலையோட நின்னு அதைப் பார்க்கும்போது, "போன முடி வளர்ந்துடும், நான் நான்தான்"ங்கிறது யாரும் சொல்லாமலே புரியும்.

ஒரே மொட்டை, வேற வேற அர்த்தம்

பயம் வலியால மட்டும் வர்றதில்லை. நம்ம சமூகத்துல மொட்டைக்கு வேற அர்த்தங்களும் இருந்திருக்கு. அப்பா இறந்தா பிள்ளைகள் மொட்டை போடுவாங்க, அது துக்கம். தப்பு பண்ணவனை மொட்டை அடிச்சு ஊர்வலம் விட்ட கதைகள் கேட்டிருப்பீங்க, அது அவமானம். சில சமூகங்கள்ல கணவனை இழந்த பெண்களுக்கு, அவங்க சம்மதமே கேக்காம முடியை எடுத்த காலமும் இருந்தது, அது கொடுமை. வீட்ல பெரியவங்க சிலர் "பொம்பளப் புள்ளைக்கு மொட்டையா?"ன்னு முகம் சுளிக்கிறதுக்கு இந்த ஞாபகமும் ஒரு காரணம்.

தலையைப் பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் எங்கே இருக்குன்னா, அடுத்தவங்க பிடிச்சு எடுத்தாங்களா, நாமளா தலையைக் குனிஞ்சோமாங்கிறதுலதான். நாமளா குனிஞ்சாதான் அது காணிக்கை. இதை மனசுல வச்சுக்கோங்க, கீழே ஒரு சம்பவத்துல இது தேவைப்படும்.

ஆபீஸ், காலேஜ் பத்திக் கவலைப்படுறவங்களுக்கு ஒரு வார்த்தை. சந்தனம் பூசின மொட்டையைப் பார்த்து நம்ம ஊர்ல யாரும் துக்கம் விசாரிக்க மாட்டாங்க. "பழனியா, திருப்பதியா?"ன்னுதான் கேப்பாங்க. ரெண்டு நாள் கேப்பாங்க, மூணாவது நாள் மறந்துடுவாங்க.

உட்கார்ந்ததும் என்ன நடக்கும்?

முடிக் கொட்டகையில முதல்ல சீட்டு வாங்கணும். அறநிலையத்துறைக் கோயில்கள்ல 2021-லிருந்து முடி காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. அதனால வெளியில யாராவது "வாங்க, நான் சீக்கிரம் எடுத்து விடுறேன்"னு தனியா கூப்பிட்டா போகாதீங்க. கோயில் கொட்டகையிலயே எடுங்க.

உட்கார்ந்ததும் ஒரு விஷயத்துல மட்டும் கூச்சப்படவே கூடாது. புது ப்ளேடை உங்க கண் முன்னாடி பிரிச்சுக் கத்தியில மாட்டணும். முந்தின ஆளுக்குப் போட்ட ப்ளேடு உங்க தலைக்கு வரக்கூடாது. ரத்தம் மூலமா பரவுற மஞ்சள் காமாலை மாதிரி நோய்கள் இருக்கு, கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல் போதும். "அண்ணே, புது ப்ளேடு மாத்திக்கிறீங்களா?"ன்னு மரியாதையா கேளுங்க. தினமும் நூத்துக்கணக்கான தலையைப் பார்க்கிறவங்க அவங்க, இதைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. தாடி, மீசையையும் சேர்த்துக் கொடுக்கிறதா இருந்தா அதையும் முதல்லயே சொல்லிடுங்க.

அடுத்து தண்ணி. தலையை நல்லா ஊற வைக்கணும். மொட்டையில எரிச்சல் வர்றதுக்கு முக்கியமான காரணம் காய்ஞ்ச தலைதான். முடி தண்ணியை இழுத்துக்கிட்டா மெத்துன்னு ஆயிடும், கத்தி வழுக்கிக்கிட்டுப் போகும். சும்மா மேலாப்புல தெளிச்சா போதாது. ரெண்டு மூணு நிமிஷம் விரல் விட்டு, அடித்தோல் வரைக்கும் நனையுற மாதிரி நீங்களே தேய்ச்சுக்கோங்க. நீளமான முடியா இருந்தா ரெண்டு பக்கமா பிரிச்சு முடிச்சுப் போட்டுக்கணும், அப்போ சிதறாம கொத்தாவே இறங்கும்.

பிறகு தலையைக் குனிய சொல்லுவாங்க. பெரும்பாலும் உச்சியிலிருந்து ஆரம்பிச்சு முன்னாடி வருவாங்க, அப்புறம் ரெண்டு பக்கம், கடைசியா பிடரி. முடிக்கு உணர்ச்சி கிடையாது, அதனால வெட்டும்போது வலி இல்லை. தோல்ல கத்தி போறது தெரியும். "சரக் சரக்"னு ஒரு சத்தம் காதுக்குள்ளயே கேக்கும், அதைக் கேட்டுத்தான் முதல் தடவை பயப்படுவோம். கொஞ்ச நேரத்துல உச்சியில காத்து படும். குளுகுளுன்னு இருக்கும், அந்த இடத்துல பல பேர் தன்னையறியாம சிரிச்சுடுவாங்க. மொத்தமே அஞ்சு பத்து நிமிஷம்தான். அந்த நேரத்துல நிமிராதீங்க, திரும்பிப் பேசாதீங்க. தும்மல் வந்தா முதல்லயே கையைத் தூக்கிக் காட்டுங்க. கீறல் விழுறது பெரும்பாலும் தலை அசையும்போதுதான்.

கீறல் விழுந்தா பதறாதீங்க. தலைத்தோல்ல ரத்தக்குழாய் அதிகம், அதனால சின்ன வெட்டுகூட பெருசா தெரியும். சுத்தமான துணியால அஞ்சு நிமிஷம் விடாம அழுத்திப் பிடிச்சா நின்னுடும். அந்த இடத்துல மட்டும் சந்தனமோ திருநீறோ வைக்காதீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, தலையில புண்ணோ சொறியோ இருக்கிறவங்க முழு மொட்டைக்குப் போகாம, பூமுடி கொடுக்கிறது நல்லது.

பூமுடின்னா என்ன?

முழுசா எடுக்காம, கூந்தல் நுனியில கொஞ்சத்தை மட்டும் கத்தரிச்சுக் கொடுக்கிறதுதான் பூமுடி. எங்க வீட்ல மூணு விரல் அளவுன்னு ஒரு பழக்கம். பெண்கள்தான் அதிகமா கொடுப்பாங்க. இது ஏதோ தப்பிக்கிற வழி, பாதிக் காணிக்கைன்னு சிலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. எதை வேண்டிக்கிட்டோமோ அதைக் கொடுக்கிறதுதான் கணக்கு. பூமுடின்னு வேண்டிக்கிட்டா பூமுடிதான் முழுக் காணிக்கை.

சிக்கல் எப்போ வருதுன்னா, நமக்காக வேற ஒருத்தர் மொட்டை வேண்டிக்கிட்டா. இது நிறைய வீட்ல நடக்குது. எங்க வீட்லயும் நடந்தது.

என் சித்தி பொண்ணு காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது டெங்கு வந்து, ரத்தத் தட்டணு ரொம்ப இறங்கி, ஆஸ்பத்திரியில கிடந்தா. அம்மிச்சி ராத்திரி முழுக்க வராண்டாவுல உக்காந்து பழனி ஆண்டவரை வேண்டிக்கிட்டாங்க. பொழைச்சு வந்துட்டா. ஒரு வருஷம் கழிச்சு அம்மிச்சி நேர்த்திக்கடனை ஞாபகப்படுத்தினப்போ, தங்கச்சிக்குக் கேம்பஸ் இன்டர்வியூ நேரம். இடுப்பு வரைக்கும் முடி. "நான் கேட்டேனா? எனக்காக யாரு வேண்டிக்கச் சொன்னா?"ன்னு அழுதா. சித்தி, "சாமி குத்தம் ஆயிடும்"னு பயமுறுத்தினாங்க. வீடே ரெண்டா நின்னுச்சு.

நான் அம்மிச்சிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "அம்மிச்சி, அன்னைக்கு வாய்விட்டு என்ன சொன்னீங்க? அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க." அவங்க கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு இருந்துட்டுச் சொன்னாங்க: "எம்புள்ள பொழைச்சு வந்தா, உன்ற மலைக்குக் கூட்டிட்டு வந்து முடி எறக்கறேன் சாமீன்னு சொன்னேன் கண்ணு."

சொல்லி முடிச்சதும் அவங்களே நிறுத்தினாங்க. "கூட்டிட்டு வந்து எறக்கறேன்னுதானே சொன்னேன்? யாரு முடின்னு சொல்லலையே. சொன்ன வாய் என்றது. கடனும் என்றதுதான்."

அறுபத்தெட்டு வயசு. வெள்ளை முடி, சின்னக் கொண்டை. பழனியில அம்மிச்சிதான் உக்காந்து மொட்டை போட்டுக்கிட்டாங்க. தங்கச்சி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தவ, யாரும் சொல்லாமலே தன் பின்னலை அவிழ்த்து, "எனக்குப் பூமுடி எடுத்துவிடுங்கண்ணே"ன்னா. அம்மிச்சி தலைக்குச் சந்தனம் பூசிவிட்டதும் அவதான். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு யானைப்பாதை வழியா மெதுவா ஏறினாங்க. வழியில இடும்பன் சன்னதியில அம்மிச்சி ரொம்ப நேரம் நின்னாங்க. அன்னைக்கு அவங்க முகத்துல இருந்த நிம்மதியை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததில்லை.

இதுக்குச் சாஸ்திரத்துல விதி இருக்குன்னு நான் சொல்ல வரலை. எங்க குடும்பம் கண்டுபிடிச்ச வழி இது. ஆனா உங்க வீட்ல இதே பிரச்சினை வந்தா, சண்டை போடுறதுக்கு முன்னாடி வேண்டினவங்க சொன்ன வார்த்தையைக் கேட்டுப் பாருங்க. இனிமே வேண்டிக்கிறவங்களும் "என் முடி"யா, "என் பிள்ளை முடி"யான்னு தெளிவா சொல்லி வேண்டிக்கோங்க. வயசு வந்த பிள்ளையா இருந்தா, அந்தப் பிள்ளையைக் கேட்டுட்டு வேண்டிக்கோங்க. விருப்பமில்லாம அழுதுக்கிட்டு உக்கார்ற தலையிலிருந்து இறங்குற முடியை நான் காணிக்கைன்னு சொல்ல மாட்டேன்.

தாய்மாமனா போறவங்களுக்கு

குழந்தைக்கு முதல் முடி எடுக்கும்போது தாய்மாமன் மடியிலதான் உக்கார வைப்பாங்க. அக்கா குழந்தைக்காகப் போற தம்பிகளுக்கு இது சின்னப் பொறுப்பு இல்லை. ஒரு வயசு ஒன்றரை வயசு வரைக்கும் பல குழந்தைகளுக்கு உச்சிக்குழி மூடியிருக்காது, அந்த இடம் மெத்துன்னு இருக்கும். அங்கே கை அழுத்தம் குறைவா இருக்கணும்னு முடி எடுக்கிறவர்கிட்ட சொல்லிடுங்க. குழந்தையோட ரெண்டு கையையும் உங்க ஒரு கையால அணைச்சுப் பிடிச்சு, இன்னொரு கையை அதோட தாடைக்கு அடியில வச்சுத் தலையை அசையாம தாங்குங்க. பசியோட உக்கார வைக்காதீங்க, தூக்க நேரத்துலயும் வேண்டாம். ரொம்ப வீறிட்டா ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க. பாதி மொட்டையோட ரெண்டு நிமிஷம் இருந்தா ஒண்ணும் ஆகாது, துள்ளும்போது கத்தி வைக்கிறதுதான் ஆபத்து.

சந்தனமும் வெயிலும்

குளிச்சதும் சந்தனம் பூசுறது குளிர்ச்சிக்குத்தான். தலைத்தோல் இத்தனை வருஷமா வெயிலே பார்க்காதது, அதனால சீக்கிரம் சிவந்துடும். கல்லுல இழைச்ச சந்தனம் கிடைச்சா ரொம்ப நல்லது. கடையில வாங்குற தூளா இருந்தா முதல்ல முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பாருங்க. கால் மணி நேரத்துல அரிப்போ எரிச்சலோ வந்தா அதைத் தலைக்குப் போடாதீங்க. பூசினதும் சந்தனத்தை மட்டும் நம்பி உச்சி வெயில்ல ஏறாதீங்க. விடியக்காலையிலயே முடி எடுத்துட்டு, திருஆவினன்குடியில கும்பிட்டுட்டு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மலை ஏறிடுங்க. ஒரு துண்டு கையில இருக்கட்டும். மொட்டையோட போட்டோ எடுக்கணும்னா அடிவாரத்துலயே எடுத்துக்கோங்க. 2023 அக்டோபர்ல இருந்து மலைக்கோயில்ல செல்போனுக்குத் தடை இருக்கு.

வீட்டுக்கு வந்து மூணு நாலு நாள்ல முள்ளு முள்ளா முளைக்கும், அரிக்கும். நகத்தால சொறியாம தேங்காய் எண்ணெய் தடவுங்க. சீழ் வச்ச கொப்புளம் மாதிரி வந்தா டாக்டர்கிட்ட காட்டிடுங்க. முடி மாசத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். அப்போ ஆறு மாசத்துல ஆறு சென்டிமீட்டர்னு கணக்கு வச்சுக்கோங்க. கல்யாணமோ இன்டர்வியூவோ இருந்தா இதை வச்சுத் தேதி முடிவு பண்ணலாம். மொட்டை போட்டா முடி அடர்த்தியா வளரும்னு சொல்றது உண்மையில்லை. வேர் தோலுக்குள்ள இருக்கு, கத்தி அங்கே போறதில்லை. வெட்டின நுனி மழுங்கலா இருக்கிறதால சொரசொரன்னு தடிமனா தெரியுது, அவ்வளவுதான். அதை எதிர்பார்த்து மொட்டை போடாதீங்க.

கடைசியா ஒரு கேள்வி

"கோயில்ல அந்த முடியை ஏலம் விட்டுடறாங்களே, விக் செய்யப் போகுதே, அப்போ சாமிக்கு என்ன போச்சு?"ன்னு ஒரு தம்பி கேட்டார். உண்மைதான், ஏலம் விடுறாங்க, அந்தப் பணம் கோயிலுக்குப் போகுது. உண்டியல்ல போட்ட காசையும் எண்ணி பேங்க்ல கட்டத்தான் செய்றாங்க. உங்க காணிக்கை, நீங்க தலையைக் குனிஞ்ச அந்த நிமிஷத்துலயே முடிஞ்சு போச்சு. முடி கொட்டகையிலயே நின்னுடுது. நீங்க 693 படி ஏறி, சீவ ஒண்ணுமில்லாத தலையோட, கண்ணாடியைப் பத்தி யோசிக்காம அந்த ஆண்டி முன்னாடி நிக்கிறீங்க பாருங்க, அதுதான் அவருக்குப் போய்ச் சேருது.

வேலும் மயிலும் துணை.